எந்த ஊர் ஏழு மணி? புலம்பெயர் அறிவிப்புகளில் தேதி, நேரம், பணம்

சென்னையிலிருந்து இணையவழியில் ஆறு வாரத் தமிழ் இலக்கணப் பயிலரங்கு ஒன்று நடக்கவிருப்பதாக வைத்துக்கொள்வோம். 2026 அக்டோபர் 3 முதல் நவம்பர் 7 வரை, சனிக்கிழமைதோறும் சென்னை நேரம் மாலை 7:00 மணிக்கு வகுப்பு. ஐந்தாவது வகுப்புக்கு முன் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு சுவரொட்டி வருகிறது:

> சனிக்கிழமை 31/10/26
> 7.00 PM IST | 9.30 AM EST | 2.30 PM London | 12.30 AM Sydney
> கட்டணம்: ரூ. 500 / $10

பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. நான்கு ஊர்களுக்கு நேரம் இருக்கிறது, தேதி இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது. ஆயினும் இதை நம்பி வருபவர்களில் லண்டன்காரர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார், சிட்னிக்காரர் ஒரு நாள் முன்னதாகவே வந்து காத்திருப்பார், யாழ்ப்பாணத்துக்காரர் குறைவாகப் பணம் அனுப்பிவிட்டுக் கட்டணம் செலுத்தியதாக எண்ணிக்கொண்டிருப்பார். இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன, அறிவிப்பை எழுதும்போதே அவற்றை எப்படித் தவிர்ப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

## நேர மண்டலம் வேறு, கடிகார மாற்றம் வேறு

உலக நேரங்கள் அனைத்தும் UTC எனப்படும் பொது நேரத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. இந்தியா அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறது. இலங்கையும் இன்று அதே ஐந்தரையில்தான் இருக்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் எட்டு மணி நேரம் முன்னே இருக்கின்றன. இந்த நான்கு நாடுகளிலும் ஆண்டு முழுவதும் கடிகாரம் மாறுவதில்லை. ஆகவே சென்னையில் மாலை 7:00 என்றால் கோலாலம்பூரில் என்றைக்கும் இரவு 9:30 தான். ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டால் போதும்.

சிக்கல், கோடைகால நேரத்தைப் பின்பற்றும் நாடுகளில் தொடங்குகிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, குளிர்காலம் நெருங்கும்போது பழையபடி பின்னே இழுக்கும் வழக்கம் அது. லண்டன் குளிர்காலத்தில் UTC நேரத்திலேயே இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் முன்னே போகும். டொராண்டோ குளிர்காலத்தில் ஐந்து மணி நேரமும் கோடையில் நான்கு மணி நேரமும் பின்தங்கியிருக்கும். சிட்னி தென்னரைக்கோளத்தில் இருப்பதால் அங்கே எல்லாம் தலைகீழ். மற்றவர்கள் கடிகாரத்தைப் பின்னே இழுக்கும் பருவத்தில் அவர்கள் முன்னே தள்ளுகிறார்கள்.

ஒரு நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. சிட்னியும் மெல்பர்னும் கடிகாரத்தை மாற்றும், பிரிஸ்பேனும் பெர்த்தும் மாற்றா. டொராண்டோவிலும் வான்கூவரிலும் ஒரே நேரம் இல்லை. எனவே ‘கனடா நேரம்’, ‘ஆஸ்திரேலிய நேரம்’ என்று எழுதுவதற்குப் பொருளே இல்லை. அப்படி ஒரு நேரம் கிடையாது.

நேரத்தை ஓர் அரசு மாற்றினால் மக்கள் அனைவரும் அதன்படி நடப்பார்கள் என்பதும் உறுதியில்லை. மின்பற்றாக்குறையைக் காரணம் காட்டி இலங்கை 1996 மே மாதத்தில் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு இறங்கி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரையே தொடர்ந்து புழங்கியது. ஒரே தீவில் சோதனைச் சாவடியைக் கடந்தால் கடிகாரம் மாறிய காலம் அது. அக்காலத்து நிகழ்வுகளின் நேரத்தைத் தொகுப்பவர்கள், எந்தப் பக்கத்தில் பதிவான நேரம் என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

## ஐந்து வாரத்தில் மூன்று மாற்றங்கள்

கடிகாரம் மாறுவதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. எல்லோரும் ஒரே நாளில் மாற்றுவதில்லை என்பதுதான் சிக்கல். 2026 இலையுதிர் காலத்தின் அட்டவணை பின்வருமாறு.

1. அக்டோபர் 4, ஞாயிறு: சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டு, கான்பெரா, ஹோபார்ட் நகரங்கள் கடிகாரத்தை முன்னே தள்ளுகின்றன.
2. அக்டோபர் 25, ஞாயிறு: பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் சுவிட்சர்லாந்தும் நோர்வேயும் பின்னே இழுக்கின்றன.
3. நவம்பர் 1, ஞாயிறு: டொராண்டோ, மொன்றியல், நியூயார்க் உள்ளிட்ட வட அமெரிக்க நகரங்கள் பின்னே இழுக்கின்றன.

நம் பயிலரங்கின் ஆறு சனிக்கிழமைகளும் இந்த மூன்று மாற்றங்களின் மேலேயே நடந்து போகின்றன. சென்னையில் வகுப்பு எப்போதும் மாலை 7:00 மணிக்குத்தான். பிற ஊர்களில் அது என்ன ஆகிறது என்று பாருங்கள்:

| வகுப்பு நாள் | லண்டன் | டொராண்டோ | சிட்னி |
|---|---|---|---|
| அக்டோபர் 3 | பிற்பகல் 2:30 | காலை 9:30 | சனி இரவு 11:30 |
| அக்டோபர் 10, 17, 24 | பிற்பகல் 2:30 | காலை 9:30 | ஞாயிறு அதிகாலை 12:30 |
| அக்டோபர் 31 | பிற்பகல் 1:30 | காலை 9:30 | ஞாயிறு அதிகாலை 12:30 |
| நவம்பர் 7 | பிற்பகல் 1:30 | காலை 8:30 | ஞாயிறு அதிகாலை 12:30 |

அமைப்பாளர் சென்னையில் உட்கார்ந்து ஒன்றையுமே மாற்றவில்லை. இருந்தும் முதல் வகுப்புக்காகப் போட்ட அட்டவணை, இரண்டாவது வகுப்பில் சிட்னிக்கும், ஐந்தாவதில் லண்டனுக்கும், ஆறாவதில் டொராண்டோவுக்கும் பொய்யாகிப் போகிறது. போன மாதச் சுவரொட்டியை எடுத்துத் தேதியை மட்டும் திருத்திப் பகிரும் பழக்கம் பெரும்பாலான குழுக்களில் உண்டு. மேலே கண்ட மாதிரி அறிவிப்பில் லண்டனுக்கு 2:30 என்று இருப்பது அப்படி ஒட்டிக்கொண்டு வந்ததுதான். அக்டோபர் 24 வரை அது சரியான நேரம்.

வசந்த காலத்தில் இந்த இடைவெளி இன்னும் நீளம். வட அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாறுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிற்றுக்கிழமை மாறுகிறது. இடையில் இரண்டு அல்லது மூன்று வாரம் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் இடையிலான வேறுபாடு வழக்கமான ஐந்து மணி நேரமாக இல்லாமல் நான்காக இருக்கும். இரு நகரத்தாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ‘ஐந்து மணி நேரம்’ அந்த நாட்களில் தவறு.

## மூன்றெழுத்துச் சுருக்கங்களின் பொய்

மாதிரி அறிவிப்பின் அடுத்த பிழை EST. டொராண்டோவின் குளிர்கால நேரத்துக்கு மட்டுமே உரிய பெயர் அது. கோடைகால நேரத்தின் பெயர் EDT. அக்டோபர் 31 அன்று டொராண்டோ இன்னும் கோடைகால நேரத்தில்தான் இருக்கிறது. டொராண்டோவில் வாழ்பவர் 9.30 என்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சரியாக வந்துவிடுவார். ஆனால் வேறு ஊரில் இருப்பவர் EST என்பதை அப்படியே எடுத்து இணையத்தில் மாற்றிப் பார்த்தால், 9:30 என்பது சென்னை நேரம் இரவு 8:00 என்று வரும். அதே சுவரொட்டி சென்னைக்கு 7.00 என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று அவருக்குத் தெரியாது.

லண்டனுக்கு ஆண்டு முழுவதும் GMT என்று எழுதுவதும் இதே வகைப் பிழைதான். சூலை மாதத்தில் 2 PM GMT என்றால் லண்டன் கடிகாரத்தில் அது பிற்பகல் 3:00. எழுதியவர் மனத்தில் இருந்தது லண்டனின் 2:00 மணி.

சில சுருக்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நேரங்களைக் குறிக்கின்றன. IST என்பது நமக்கு இந்திய நேரம். டப்ளினில் இருப்பவருக்கு அயர்லாந்தின் கோடைகால நேரம், இஸ்ரேலில் இருப்பவருக்கு அந்த நாட்டு நேரம். BST பிரிட்டனின் கோடைகால நேரத்தையும் வங்கதேச நேரத்தையும் குறிக்கிறது. CST சிகாகோவையும் சீனாவையும் குறிக்கிறது. இவற்றைக் கற்று வைத்துக்கொண்டு சரியாகப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வதுண்டு. எழுதுபவர் கற்றாலும் படிப்பவர் கற்றிருக்க மாட்டார் என்பதால் அது வீண் வேலை. ஊர்ப் பெயரை எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ‘டொராண்டோ காலை 9:30’ என்பதை எந்தப் பருவத்திலும் ஒரே விதமாகத்தான் படிக்க முடியும்.

## ஓர் ஊரை நங்கூரமாகப் பிடித்தல்

பல ஊர்களின் நேரத்தைப் பட்டியலிடும் அறிவிப்பில் அவற்றுள் ஒன்று மூலம், மற்றவை அதிலிருந்து பெறப்பட்டவை. எது மூலம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பட்டியலில் ஏதேனும் ஓர் ஊரின் நேரம் தவறாகிவிட்டாலும், படிப்பவர் மூலத்திலிருந்து தாமே கணக்கிட்டுக்கொள்ள அது வழி தரும். ‘சென்னை, யாழ்ப்பாண நேரம் மாலை 7:00. பிற ஊர்களின் நேரங்கள் இதிலிருந்து கணக்கிடப்பட்டவை’ என்ற ஒரு வரி போதும்.

எந்த ஊரை மூலமாகக் கொள்வது? ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு எதுவானாலும் சரி. தொடர் நிகழ்ச்சிக்கு அப்படி இல்லை. சென்னையை மூலமாகக் கொண்டால், மேலே அட்டவணையில் கண்டதுபோல, பிறர் தத்தம் கடிகாரம் மாறும் நாளில் ஒருமுறை இடம் மாறுவார்கள், அதன்பின் நிலையாக இருப்பார்கள். டொராண்டோவை மூலமாகக் கொண்டு ‘சனிக்கிழமைதோறும் டொராண்டோ காலை 9:30’ என்று அறிவித்தால் கதை வேறு. அக்டோபர் 31 வரை சென்னையில் மாலை 7:00, நவம்பர் 7 அன்று இரவு 8:00. லண்டன்காரர்களின் நிலை இன்னும் வேடிக்கையானது. அக்டோபர் 24 வரை 2:30, அக்டோபர் 31 அன்று மட்டும் 1:30, நவம்பர் 7 அன்று மீண்டும் 2:30. அந்த ஒரே ஒரு வாரத்தில் வகுப்பைத் தவறவிடாதவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

பல நாட்டவர் கலந்துகொள்ளும் தொடருக்குக் கடிகாரம் மாறாத ஊரை மூலமாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் ஒரே ஊரில் இருந்தால் மட்டும் அந்த ஊருக்கு முன்னுரிமை தரலாம். டொராண்டோக் குழந்தைகளுக்கான வகுப்பைச் சென்னையில் இருக்கும் ஆசிரியர் நடத்துகிறார் என்றால், நேரம் மாறும் தொல்லையை ஏற்க வேண்டியவர் ஆசிரியர்தான், முப்பது குழந்தைகளின் பெற்றோர் அல்லர்.

நாட்காட்டிக் கோப்பை அனுப்புபவர்களும் இதே முடிவைத்தான் எடுக்கிறார்கள், பல வேளைகளில் தம்மை அறியாமலே. டொராண்டோவை மூலமாகக் கொண்ட ஆறு வாரத் தொடர் அந்தக் கோப்புக்குள் இப்படி இருக்க வேண்டும்:

```
DTSTART;TZID=America/Toronto:20261003T093000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=SA;COUNT=6
```

ஊரின் பெயர் இருப்பதால், நவம்பர் 1 அன்று டொராண்டோ கடிகாரத்தை மாற்றியபின்னும் வகுப்பு அங்கே 9:30 மணிக்கே நிற்கும். அதன் முதல் வரியை மட்டும் UTC கணக்கில் இப்படி எழுதியிருந்தால்:

```
DTSTART:20261003T133000Z
```

முதல் ஐந்து வாரமும் வேறுபாடு தெரியாது. ஆறாவது வாரம் டொராண்டோவில் நினைவூட்டல் 8:30 மணிக்கு அடிக்கும். சென்னையை மூலமாகக் கொண்ட தொடருக்கு இரண்டு முறையும் ஒரே விளைவைத் தரும், ஏனெனில் சென்னைக்கும் UTC நேரத்துக்கும் உள்ள தொலைவு என்றும் மாறுவதில்லை. கூகுள் நாட்காட்டி போன்ற செயலிகளில் நிகழ்வை உருவாக்கும்போது நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்த ஊர்ப் பெயர்தான் கேட்கப்படுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால், பெரும்பாலும் உருவாக்குபவரின் கைப்பேசி எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அந்த ஊரே மூலமாகிவிடும்.

## சனி இரவு என்பது எந்தத் தேதி?

சிட்னிக்காரரின் சிக்கலுக்கு வருவோம். மாதிரி அறிவிப்பு ‘சனிக்கிழமை 31/10/26’ என்று தலைப்பில் சொல்லிவிட்டு, சிட்னிக்கு 12.30 AM என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அக்டோபர் 31 தொடங்கி அரை மணி நேரம் கழித்து, அதாவது வெள்ளிக்கிழமை இரவு படுக்கப் போகும் நேரத்தில், வகுப்பு என்று பொருள்படும். உண்மையில் வகுப்பு அதற்கு 24 மணி நேரம் கழித்து, நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை பிறந்தபின் நடக்கிறது.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் எளிதாக நேரும். நம் பேச்சு வழக்கில் நாள் விடியலில் தொடங்குகிறது. பஞ்சாங்கமும் சூரிய உதயத்திலிருந்துதான் நாளைக் கணக்கிடுகிறது. ‘சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு’ என்று ஒருவர் சொன்னால், சனிக்கிழமையின் பகல் கழிந்து வரும் இரவையே சொல்கிறார். நாட்காட்டியில் அது ஞாயிறு. அச்சில் ‘சனி இரவு 12:30’ என்று போடும்போது சிலர் பேச்சு வழக்கின்படியும், சிலர் நாட்காட்டியின்படியும் படிப்பார்கள். இரு சாராரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர, ‘சனி இரவு கழிந்து ஞாயிறு, நவம்பர் 1, அதிகாலை 12:30’ என்று நீட்டியே எழுத வேண்டும். சற்று நீளம்தான், ஆனால் வேறு வழியில்லை.

சரியாக நள்ளிரவு 12:00 மணி என்பது இன்னும் மோசம். ‘விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31 நள்ளிரவு’ என்பதில் அந்த நாளின் தொடக்கமா முடிவா என்பதும் தெரியாது, எந்த ஊரின் நள்ளிரவு என்பதும் தெரியாது. ‘அக்டோபர் 31, சனிக்கிழமை இரவு 11:59 வரை, சென்னை நேரம்’ என்று எழுதினால் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். நண்பகல் 12 மணிக்கும் PM, AM இரண்டையும் விட்டுவிட்டு ‘நண்பகல்’ என்றே எழுதலாம். பாரிசிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் வாழ்பவர்கள் 24 மணிக் கணக்குக்குப் பழகியவர்கள் என்பதால், அவர்களுக்கான பட்டியலில் 14:30 என்று போடுவதே இயல்பு.

## மாற்றக் கூடாத நேரங்கள்

எல்லா நேரங்களையும் ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டிருப்பதும் தவறு. ‘பொங்கல் அன்று காலை 7:00 மணிக்கு அவரவர் வீட்டு வாசலில் பொங்கல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்ற அழைப்பில் 7:00 என்பது அவரவர் ஊர்க் கடிகாரத்தின் ஏழு. அதை டொராண்டோவுக்கு மாற்றிப் போட்டால் முந்தைய நாள் இரவு 8:30 ஆகிவிடும். இத்தகைய நிகழ்வுக்கு ‘அவரவர் ஊர் நேரம்’ என்று எழுதுவது கட்டாயம், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் அக்கறையோடு மாற்றிப் பகிர்ந்துவிடுவார்.

கோயில் அறிவிப்புகளில் இரண்டு வகையும் கலந்து வரும். சூரியன் மேட ராசியில் நுழையும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. பஞ்சாங்கத்தில் அது ஏப்ரல் 14 காலை 9:00 என்று சென்னை, யாழ்ப்பாண நேரத்தில் அச்சாகியிருந்தால், டொராண்டோவில் அதே கணம் ஏப்ரல் 13 இரவு 11:30. எனவே அதை மாற்றியே போட வேண்டும். இலங்கையில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புத்தாண்டுப் பிறப்புக்கு வெவ்வேறு நேரம் தருவதால், எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் குறிக்க வேண்டும்.

ஏகாதசி போன்ற விரத நாட்களில் கணக்கு வேறு விதம். திதி தொடங்கும் கணம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், எந்த நாளில் விரதம் என்பதை அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். டொராண்டோவில் விரத நாள் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நாள் முன்னதாக அமையலாம். இதை வெறும் மணிக் கழித்தலால் பெற முடியாது. அந்த ஊருக்கென்று கணித்த பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும். ராகு காலத்துக்கும் இது பொருந்தும். ஞாயிறு 4:30 முதல் 6:00 வரை என்ற வாய்பாடு காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊருக்கு உரியது. அக்டோபர் இறுதியில் டொராண்டோவில் ஏழரை மணிக்கு மேல்தான் விடிகிறது.

## 7/11 என்ற தேதி

நாள், மாதம், ஆண்டு என்பது இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவற்றின் வரிசை. அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். கனடாவில் இரண்டு வரிசையும் புழக்கத்தில் இருக்கின்றன, 2026-10-03 என்ற ஆண்டு முதலான அனைத்துலக வரிசையும் சேர்ந்து மூன்றாகிறது.

நம் பயிலரங்கின் ஆறு தேதிகளையே எடுத்துப் பாருங்கள். 17/10, 24/10, 31/10 ஆகியவற்றில் குழப்பம் இல்லை, பதினேழாவது மாதம் என்று ஒன்று இல்லையே. 10/10 எப்படிப் படித்தாலும் ஒன்று. தொடக்க நாளான 3/10 அமெரிக்காவில் மார்ச் 10 ஆகிவிடும், நிறைவு நாளான 7/11 சூலை 11 ஆகிவிடும். ஒரு தொடரில் யாரும் தவறவிட விரும்பாத இரண்டு நாட்களும் இவைதாம்.

கிழமையைச் சேர்த்து எழுதுவது நல்ல காப்பு. 2026 மார்ச் 10 செவ்வாய்க்கிழமை. ‘சனிக்கிழமை 3/10’ என்று பார்ப்பவர் எங்கோ பிழை என்று உடனே உணர்வார். ஆனால் கிழமை எப்போதும் கைகொடுக்காது. சூலை 11, நவம்பர் 7 இரண்டும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். 2026 இல் இரண்டுமே சனி. அதனால் மாதத்தை எழுத்தால் எழுதுவதைத் தவிர வேறு உறுதியான வழி இல்லை: 7 நவம்பர் 2026, சனிக்கிழமை. ‘வரும் சனிக்கிழமை’, ‘நாளை மாலை’ என்பவை வேண்டவே வேண்டாம். பகிரப்பட்டுப் பகிரப்பட்டு மூன்று நாள் கழித்து வந்து சேரும் செய்தியில் நாளை என்பது எந்த நாள்?

## ரூபாய், டாலர், காற்புள்ளி

‘ரூ. 500’ என்பதைச் சென்னையில் படிப்பவர் இந்திய ரூபாய் என்றும், யாழ்ப்பாணத்தில் படிப்பவர் இலங்கை ரூபாய் என்றும் எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் தமிழில் ஒரே சுருக்கம். அண்மை ஆண்டுகளில் ஓர் இந்திய ரூபாயின் மதிப்பு மூன்று இலங்கை ரூபாய்க்கும் மேல். ஆகவே இது சில்லறை வேறுபாடு அல்ல, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வந்து சேராது. ₹ என்ற குறி 2010 இல் இந்திய ரூபாய்க்கென ஏற்கப்பட்டது, அதைப் போட்டால் தெளிவு கூடும் என்றாலும் எல்லோரும் அந்த வேறுபாட்டை அறிந்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. ‘$10’ என்பது கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் நான்கிலும் நான்கு வேறு தொகை. நோர்வே, சுவீடன், டென்மார்க் மூன்றிலும் kr என்ற ஒரே குறி.

வங்கிகள் பயன்படுத்தும் மூன்றெழுத்துக் குறியீடுகள் இங்கே உதவுகின்றன: INR, LKR, CAD, AUD, SGD, MYR, GBP, EUR, CHF, NOK. நேரச் சுருக்கங்களைப் போலன்றி இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு நாணயத்தையே குறிக்கும், பணம் அனுப்பும் திரையிலும் இவையே தோன்றும். எனவே ‘500 இந்திய ரூபாய், INR’ என்று பெயரையும் குறியீட்டையும் சேர்த்து எழுதலாம்.

பெரிய தொகைகளில் காற்புள்ளியும் புள்ளியும் குழப்பும். இந்தியாவில் 15,00,000 என்று எழுதுவதைப் பல நாடுகளில் 1,500,000 என்று எழுதுவார்கள். செருமனியிலும் டென்மார்க்கிலும் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வரும், 1.500 என்றால் அங்கே ஆயிரத்து ஐந்நூறு. அதையே லண்டனில் படிப்பவர் ஒன்றரை என்று எடுத்துக்கொள்வார். இலங்கையிலிருந்து சென்றவர்கள் மில்லியன் கணக்கிலும் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் இலட்சக் கணக்கிலும் நினைப்பதால், நன்கொடை இலக்கை ‘15 இலட்சம் இந்திய ரூபாய், அதாவது 1.5 மில்லியன்’ என்று இரண்டு வழியிலும் சொல்லிவிடுவது நல்லது.

நேரத்துக்கு மூல ஊர் இருப்பதுபோலப் பணத்துக்கும் மூல நாணயம் ஒன்று வேண்டும். ‘ரூ. 500 / $10’ என்பது இரண்டு விலையா, ஒரே விலையின் இரண்டு வடிவமா? மாற்று விகிதம் நாளும் மாறுவதால், இரண்டையும் நிலையான தொகையாக அறிவித்தால் ஏதோ ஒரு தரப்பு எப்போதும் கூடுதலாகக் கட்டும். அமைப்பின் கணக்கு எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதில் கட்டணத்தைக் கூறிவிட்டு, மற்றதை ‘ஏறத்தாழ’ என்ற சொல்லோடும் கணக்கிட்ட தேதியோடும் தர வேண்டும். உண்மையிலேயே நாட்டுக்கு நாடு வெவ்வேறு கட்டணம் என்றால், அதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்.

வெளிநாட்டு வங்கிப் பரிமாற்றத்தில் இன்னொரு கழிவு உண்டு. கட்டணச் செலவை யார் ஏற்பது என்று அனுப்புபவரிடம் கேட்கப்படும். OUR என்றால் அனுப்புபவர், BEN என்றால் பெறுபவர், SHA என்றால் இருவரும். கடைசி இரண்டில் இடையிலுள்ள வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், கணக்கில் வந்து சேரும் தொகை குறையும். ‘எங்கள் கணக்கில் முழுமையாக வந்து சேர வேண்டிய தொகை’ என்று குறிப்பிட்டால் பின்னர் ‘அனுப்பினேனே’, ‘வரவில்லையே’ என்ற கடிதப் போக்குவரத்து மிச்சம்.

## திருத்தி எழுதினால்

மாதிரி அறிவிப்பு இப்போது இப்படி ஆகும்:

> 31 அக்டோபர் 2026, சனிக்கிழமை
> சென்னை, யாழ்ப்பாணம்: மாலை 7:00 – 8:30 (UTC 13:30 – 15:00). பிற நேரங்கள் இதிலிருந்து கணக்கிடப்பட்டவை.
> டொராண்டோ: காலை 9:30
> லண்டன்: பிற்பகல் 1:30 (சென்ற வாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக)
> பாரிஸ்: 14:30
> கோலாலம்பூர், சிங்கப்பூர்: இரவு 9:30
> சிட்னி: சனி இரவு கழிந்து ஞாயிறு, 1 நவம்பர், அதிகாலை 12:30
> கட்டணம்: 500 இந்திய ரூபாய் (INR). எங்கள் கணக்கில் முழுமையாக வந்து சேர வேண்டும்.
> வெளியிட்ட நாள்: 26 அக்டோபர் 2026

லண்டனுக்கு அடுத்த அடைப்புக்குறிக்குள் உள்ள எச்சரிக்கை அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் உரியது, நவம்பர் 7 வகுப்பின் அறிவிப்பில் அதை நீக்கிவிட்டு டொராண்டோவுக்குப் போட வேண்டும். கடைசி வரியில் உள்ள வெளியிட்ட நாள் பலர் கவனிக்காத ஒன்று. பட வடிவில் பகிரப்பட்ட சுவரொட்டியை வெளியே போனபின் யாராலும் திருத்த முடியாது. பிழை கண்டு புதிய படத்தை அனுப்பினாலும் பழையது வேறு குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒருவர் கைக்கு வரும்போது எது பிந்தியது என்று அறிய அவருக்கு அந்த நாள் ஒன்றே துணை. திருத்திய படத்தின் தலைப்பில் ‘திருத்தம்: லண்டன் நேரம் மாறியுள்ளது’ என்று எது மாறியது என்பதையும் எழுதிவிட்டால், மற்ற ஊர்க்காரர்கள் தம் நேரமும் மாறிவிட்டதோ என்று கேட்டு எழுத வேண்டியிருக்காது.